முள் போய்த் திரை வந்த மூன்று ஆண்டுகள்

பதினோரு ஆண்டுகள் முள் மீட்டர் வைத்த காரை ஓட்டிய பிறகு, முழுத்திரை மீட்டர் உள்ள கார் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஓடியது 41,000 கிலோமீட்டர். வேகம் பெரிய எண்ணாகத் தெரிவது வசதிதான். ஆனால் மலைப்பாதையில் கியர் மாற்றும்போது என்ஜின் சுற்றை முள்ளின் சாய்விலேயே அறிந்து பழகிய கண், திரையில் இன்னும் ஒரு கணம் தேடத்தான் செய்கிறது.

என் மனக்குறை எச்சரிக்கைகள் வரும் விதத்தில் இருக்கிறது. பழைய காரில் கோளாறு இருக்கும்வரை விளக்கு எரியும். இந்தக் காரிலோ மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு வாக்கியம் வந்து, சில நொடிகள் நின்று, போய்விடுகிறது.

ஒரு டிசம்பர் காலை, கோத்தகிரியில் வண்டியைக் கிளப்பியதும் Coolant level low என்று வந்தது. சீட் பெல்ட்டை மாட்டி நிமிர்வதற்குள் காணோம். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானால் மெனுவைத் திறந்து, Vehicle status பக்கம் போனால் அதே வாக்கியம் அங்கே காத்திருந்தது. சரி, பதிவாகியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்தப் பட்டியல் இக்னிஷனை அணைக்கும்வரைதான் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த முறை கிளப்பும்போது சென்சார் மறுபடி குறையைக் கண்டால்தான் செய்தி திரும்ப வரும்.

மதியம் சர்வீஸ் சென்டரில் பட்டியல் காலியாக இருந்தது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். என்ஜின் கணினியிலும் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை. "ஒன்றுமில்லை சார், சென்சார் சும்மா காட்டியிருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

சென்சார் சொன்னது உண்மை. குளிரில் கூலன்ட் சுருங்கி, தொட்டியில் மட்டம் இறங்கும். என்ஜின் சூடானதும் விரிந்து மேலேறும். அதனால் காலையில் குறை, மதியம் சரி. வீட்டில் தொட்டியின் மேல் ஒரு பட்டை நாடா ஒட்டி, தினமும் வண்டியைக் கிளப்புமுன் மட்டத்தைக் குறித்தேன். பத்து நாளில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அடுத்த முறை, செய்தி திரையில் இருக்கும்போதே எடுத்த படத்தையும் நாடாக் குறியையும் காட்டினேன். குளிர்ந்த என்ஜினில் அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள்; ரேடியேட்டர் குழாயின் கிளாம்ப் ஓரத்தில் கசிவு. சுற்றிலும் காய்ந்த வெண்படலம். கிளாம்பை மாற்றியதோடு சரி.

நியாயமாகச் சொன்னால், என் பழைய காரில் இது தெரிந்தே இருக்காது. அதில் மட்டம் பார்க்கும் சென்சார் கிடையாது. வெப்பமானி முள்ளோ கூலன்ட் நன்றாகக் குறையும்வரை நடுவிலேயே நிற்கும். திரை முன்கூட்டியே சொன்னது, ஆனால் சொன்னதை மதியம்வரை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் இக்னிஷனை அணைக்குமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன். போன வாரம் இருந்தது ஒன்றே ஒன்று: கண்ணாடி கழுவும் நீர் தீர்ந்துவிட்டதாம்.