எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே: நான்கு ஆண்டுகளில் மூன்று ஜோடி ஷூ

நாகர்கோவிலில் தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பதும், மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துவாழ்மலை ஏறுவதும் என் வழக்கம். முதல் ஜோடியை, செருப்புக்கு எப்போதும் வாங்கும் அளவு என்பதால், 8 என்று கேட்டு வாங்கினேன். நுனி சற்று இடித்தபோது, "போடப் போட இளகிரும் அண்ணே" என்றார் கடைக்காரர். இளகியது உண்மைதான், ஆனால் அகலத்தில் மட்டுமே இளகியது. மலையிலிருந்து இறங்கும்போது கால் முன்னோக்கிச் சறுக்கி, இரண்டே மாதத்தில் வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

அடுத்து வேறொரு பிராண்டு. அதில் அரை அளவே கிடையாது. 8 இறுக்கிப் பிடித்ததால் 9 வாங்கினேன்; குதிகால் ஏறி இறங்கிக் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். நாடாவை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

அதன் பிறகே காரணத்தைத் தேடினேன். நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் எண், காலின் நீளத்தைக் குறிப்பதில்லை; ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கும் கால்வடிவ அச்சின் நீளத்தைக் குறிக்கிறது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ. இருக்கும். அந்தக் கணக்கின்படி 8-ஆம் எண் அச்சு 11 அங்குலம், சுமார் 279 மி.மீ. விரல் நுனிக்கு 10 மி.மீ. இடம் விடும் நிறுவனத்தின் 8, 269 மி.மீ. காலுக்குப் பொருந்தும், 15 மி.மீ. விடும் நிறுவனத்தின் 8, 264 மி.மீ. காலுக்குத்தான் சரி. என் வலது கால் 266 மி.மீ., இடது கால் 262. இந்தக் கணக்கைக்கூட எல்லா நிறுவனங்களும் அப்படியே பின்பற்றுவதில்லை. அச்சின் முன்பக்கம் கூராக இருந்தால் பயன்படும் நீளம் மேலும் குறையும்.

அளக்கும் முறை எளிது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கும்போது அணியும் காலுறையோடு, குதிகால் சுவரில் படுமாறு தாளின்மேல் முழு எடையையும் ஊன்றி நிற்க வேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் மிக நீண்ட விரலின் நுனியில் குறிக்க வேண்டும் (சிலருக்கு அது இரண்டாவது விரல்). பெரிய காலின் அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் தரும் அளவு அட்டவணையில் இருப்பது கால் நீளமா, ஷூவின் உள் நீளமா என்பதையும் கவனிக்க வேண்டும். கால் நீளமென்றால் எதையும் கூட்டக் கூடாது. உள் நீளமென்றால் காலைவிட ஏறத்தாழ 10 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

மூன்றாவது பிராண்டின் கால் நீள அட்டவணையில் 8-க்கு 26.5 செ.மீ., 8.5-க்கு 27, 9-க்கு 27.5 என்று இருந்தது. என் 26.6-க்கு 8.5 வாங்கினேன். அரை அளவு என்பது நாலைந்து மி.மீ.தான், நகம் இடிப்பதற்கும் குதிகால் நழுவுவதற்கும் நடுவே எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவே. பதினான்கு மாதங்களாக அதைத்தான் அணிகிறேன். இடது கால் மட்டும் சற்றுத் தளர்ந்ததால் அதில் மெல்லிய இன்சோல் ஒன்றைக் கூடுதலாக வைத்திருக்கிறேன். அகலமான பாதம் உள்ளவர்களுக்கு நீள அட்டவணை மட்டும் போதாது. அவர்கள் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.