காப்பைப் பெருப்பிக்கக் கொடுக்கிறீர்களா? நிறையை எழுதி வாங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய காப்பைப் பெருப்பிக்கவோ பொலிஷ் பண்ணவோ கடையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இதை முழுவதும் வாசியுங்கள். எங்கள் அம்மம்மாவின் இரண்டு பவுண் காப்பு அப்படித்தான் போனது. திரும்பி வந்தது தங்க முலாம் பூசிய செப்புக் காப்பு. அது தெரியாமல் ஒரு வருடத்துக்கு மேல் அவ அதைக் கையில் போட்டிருந்தா.

அம்மம்மா கலியாணம் கட்டிய காலத்துக் காப்பு அது. கெட்டிக் காப்பு, உள்ளே வெறுமை இல்லை, வெளிப்புறத்தில் சின்ன இலைக் கொடி வேலைப்பாடு. 1995இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த மற்ற நகைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. இது மட்டும் அவவின் கையோடு போய்க் கையோடு திரும்பி வந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் கை வீங்கி, காப்பு இறுக்கத் தொடங்கியது. சவர்க்காரம் போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கடையில் அம்மா கொடுத்தா. கடையின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு நடக்கிறது.

"வேலை கொஞ்சம் கூட, வெள்ளிக்கிழமை வாங்கோ அக்கா" என்று சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: காப்பு 1, பெருப்பிக்க. நிறை இல்லை, கரட் இல்லை. கடைக்காரர் தராசில் வைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காப்பு பளபளவென்று வந்தது. அம்மம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "முந்தின பாரம் இல்லையே" என்று சொன்னதும் கடைக்காரர் தயாராக வைத்திருந்த பதில்: "தட்டிப் பெருப்பிச்சால் மெலியும்தானே ஆச்சி, அதுதான் லேசாய்த் தெரியுது."

இந்தப் பதிலைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அது பச்சைப் பொய். காப்பைக் கட்டையில் மாட்டித் தட்டி விரிக்கும்போது தங்கம் எங்கும் போவதில்லை. சுற்றளவு கூடும், தடிப்புக் குறையும், நிறை அப்படியே இருக்கும். வெட்டி, நடுவில் துண்டு வைத்து ஒட்டினால் நிறை கூடும். அரம் போட்டு மினுக்கும்போது கொஞ்சம் தூள் போகலாம், ஆனால் ஒரு கெட்டிக் காப்பில் அது கையில் தெரிகிற அளவு இல்லை. பெருப்பித்து வந்த காப்பு லேசாகத் தெரிந்தால் ஒன்றில் தங்கம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் அது உங்கள் காப்பே இல்லை.

விஷயம் வெளியே வந்தது தம்பியின் கலியாணப் பேச்சோடு. பொன்னுருக்குக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொன் வேண்டும். தன்னுடைய காப்பைத்தான் உருக்கிக் கொடியில் சேர்க்க வேண்டும் என்று அம்மம்மா பிடிவாதமாக நின்றா. கஸ்தூரியார் வீதிப் பக்கம் எங்களுக்கு நெடுநாள் பழக்கமான ஒரு பத்தரிடம் முதலில் காட்டினோம். அவர் கையில் வாங்கியதுமே ஏந்திப் பார்த்தார். பிறகு உரைகல்லில் மெதுவாக ஓர் இழுப்பு. மஞ்சள் கோடு விழுந்தது. அதன்மேல் நைத்திரிக் அமிலத்தில் ஒரு சொட்டு வைத்தார். கோடு அழியவில்லை. எங்களுக்கு நிம்மதி. அவருக்கு இல்லை.

கண்ணாடியை எடுத்து உள்விளிம்பைப் பார்த்தார். மணிக்கட்டு எலும்பு உரசும் இடத்தில் ஒரு கடுகளவு சிவப்பு. "அக்கா, உள்ளுக்கு ஓரிடத்தில அரம் போட்டுப் பார்க்க வேணும், சம்மதமோ?" என்று கேட்டார். அம்மா சம்மதித்தா. வெளியே தெரியாத இடத்தில் அரத்தால் ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டுக்குள் சொட்டு அமிலம் விழுந்ததும் நுரைத்துப் பச்சையாகியது. செம்பு.

உரைகல் ஏன் ஏமாற்றியது என்று அவரே விளக்கினார். உரைகல்லில் படிவது நகையின் மேல் தோல் மட்டும்தான். முலாம் கொஞ்சம் கனமாக இருந்து மெதுவாகத் தேய்த்தால், கல்லில் விழுவது நல்ல தங்கக் கோடுதான். அமிலமும் அதைத் தங்கம் என்றே சொல்லும். கரட் பார்க்கும் இயந்திரத்துக்கும் இதே குறை உண்டு. அதன் கதிர் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போகாது, எனவே கனமான பூச்சு இருந்தால் அதையும் ஏய்க்கலாம். அரம் போடாமல், மேலே மட்டும் உரைத்துப் பார்த்து "நல்ல பவுண்" என்று யாராவது சொன்னால் அதை முடிவாக எடுக்காதீர்கள்.

அம்மா நம்பவே இல்லை. அம்மம்மாவின் அப்பா வாங்கிய காலத்திலேயே ஏமாற்றி இருப்பார்களோ என்று எங்களுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. பத்தர் அதைத் தண்ணீரில் பார்த்துக் காட்டினார். இதை வீட்டிலும் செய்யலாம், ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். முதலில் காப்பை மட்டும் நிறுத்தார்: 9.4 கிராம். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரைத் தராசில் வைத்து பூச்சியமாக்கினார். காப்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு 1.06 காட்டியது. காப்பு இடம்பெயர்த்த தண்ணீரின் நிறை அது. 9.4ஐ 1.06ஆல் பிரித்தால் 8.9 அளவில் வரும். செம்பின் அடர்த்தி அதுதான். 22 கரட் தங்கம் என்றால் 17.5க்கும் 18க்கும் இடையில் வர வேண்டும். வெள்ளி என்றால் 10.5 அளவில் நிற்கும். காப்பில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைத் தட்டி அகற்றிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். உள்ளே அரக்கு நிரப்பிய காப்பு, குழாய்க் காப்பு, கல் பதித்தவை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை சரிவராது, நல்ல தங்கமும் குறைவாகத்தான் காட்டும்.

செம்பு என்பது தெரிந்துவிட்டது. எப்போது செம்பானது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் கனடாவில் இருக்கும் மாமாவின் வட்ஸ்அப்பில் கிடந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடி நேரம் இதே காப்பை வங்கியில் அடகு வைத்திருந்தோம். வட்டியை மாமாதான் அனுப்பினார். அவருக்காக அம்மா அடகுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தா. சீட்டில் தெளிவாக இருந்தது: காப்பு 1, 22 கரட், 15.9 கிராம். வங்கியில் நகை மதிப்பவர் சோதித்து எழுதிய எண் அது. மீட்டெடுத்த பிறகு அந்தக் காப்பு அம்மம்மாவின் கையைவிட்டுப் போனது பெருப்பிக்கக் கொடுத்த அந்த ஒரு தடவைதான். 15.9 கிராம் போனது, 9.4 கிராம் வந்தது. அம்மம்மாவின் அப்பா ஏமாறவில்லை என்று தெரிந்ததும் அவ அழுதா. அந்த அழுகையில் அரைவாசி ஆறுதல் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு தடயமும் இருந்தது, அதையும் பத்தர்தான் காட்டினார். நாற்பது ஐம்பது வருடம் கையில் கிடந்த காப்பில் இலைக் கொடியின் முனைகள் மழுங்கித் தேய்ந்திருக்க வேண்டும். அம்மம்மாவின் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. இந்தக் காப்பில் ஒவ்வொரு இலையும் புதிதாக வெட்டியதுபோல் கூராக நிற்கிறது. பொலிஷ் பண்ணினால் மினுக்கம் வரும், தேய்ந்த வேலைப்பாடு திரும்ப வராது. மினுக்கும்போது இன்னும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். பொலிஷ் என்று சொல்லி இதைத்தான் மறைத்தார்கள். நாள் கேட்டதும் இதற்காகத்தான் இருக்க வேண்டும், அச்சொட்டாக இன்னொன்று செய்து முலாம் பூச அவகாசம் வேண்டும்தானே. ஒரு சாதாரண கெட்டிக் காப்பைத் தட்டிப் பெருப்பிக்கப் பட்டறையில் கொஞ்ச நேரம் போதும், இருந்து பார்த்து வாங்கிக்கொண்டு வரலாம்.

கடைக்குப் போனோம். "நீங்கள் தந்ததைத்தான் திருப்பித் தந்தனாங்கள்" என்று ஒரே பேச்சு. துண்டை நீட்டினோம். "இதில காப்பு எண்டுதானே கிடக்கு, தங்கம் எண்டு எங்க கிடக்கு?" என்று கேட்டார். வயது போன மனிசியை முகத்துக்கு நேரே பார்த்து அப்படிக் கேட்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. நிறை எழுதாமல் விட்டது கவலையீனம் இல்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

பொலிஸில் முறைப்பாடு பதிந்திருக்கிறோம். துண்டில் நிறையும் கரட்டும் இல்லாதது எங்கள் பக்கத்துப் பெரிய பலவீனம் என்று அங்கேயே சொன்னார்கள். அடகுச் சீட்டின் படத்தை மட்டும் அக்கறையாகப் பார்த்தார்கள், அந்தக் கொடுக்கல் வாங்கலின் பதிவைத் தரும்படி வங்கியிலும் எழுதிக் கேட்டிருக்கிறோம். நாங்கள் கொடுத்தது தங்கம்தான் என்பதற்கு இதைத் தவிரக் கையில் வேறு சாட்சி இல்லை. பல இலட்சம் ரூபா பெறுமதியான பொருள் அது.

உங்கள் நகையைக் கொடுக்கும்போது உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். தராசு காட்டும் எண் தெரியும்படி, காப்பு தட்டிலேயே இருக்க, போனில் ஒரு படம் எடுங்கள். வேலைப்பாடு தெரிய இன்னொரு படம் கிட்டவாக எடுங்கள். துண்டில் "தங்கக் காப்பு, 22 கரட், இத்தனை கிராம்" என்று எழுதி, திகதியும் கையெழுத்தும் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் நகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போதும் அதே தராசில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு வந்து நகை மினுக்கித் தருகிறோம் என்பவர்களிடம் ஒன்றையும் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

கடந்த ஓரிரு வருடத்துக்குள் காப்போ சங்கிலியோ எங்காவது விட்டு எடுத்தவர்கள், வீட்டில் பழைய அடகுச் சீட்டோ கடைச் சிட்டையோ இருந்தால் தேடி எடுத்து, இந்தக் கிழமையே வேறு ஒரு கடையில் நிறுத்துப் பாருங்கள். நிறை ஒத்து வராவிட்டால் அந்த நகையை விற்கவோ உருக்கவோ வேண்டாம், உங்களிடம் இருக்கும் சான்று அதுதான். எங்கள் பத்தர் அதை அப்படியே பொதி செய்து, தான் அரம் போட்ட இடத்தையும் கண்ட நிறையையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். பொலிஸாரிடம் கொடுத்தது அந்தப் பொதியைத்தான்.