குறுஞ்சுட்டியைத் திறந்து பார்க்க: கூட்டல் குறியா, விரிப்புத் தளமா?

"ஜிஎஸ்டி வவுச்சர் பெற இங்கே தட்டவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு `bit.ly` சுட்டி வருகிறது. தட்ட வேண்டாம். செய்தியை நகலெடுத்து நோட்ஸில் ஒட்டி, சுட்டியை மட்டும் பிரித்தெடுங்கள்.

முதல் வழி, கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்ப்பது:

```
bit.ly/abc123+
```

இதை உலாவியில் இட்டால் சேருமிடத்துக்குப் போகாமல், அதன் முகவரியைக் காட்டும் பக்கம் வரும். டைனியுஆர்எல் என்றால் முன்னால் `preview.` சேர்க்க வேண்டும். மோசடிக்காரரின் தளத்தை யாரும் தொடுவதில்லை என்பதே இதன் பெரிய பலம். ஆனால் ஒரு படிதான் தெரியும். அங்கே இன்னொரு குறுஞ்சுட்டி இருந்தால் மறுபடி தொடங்க வேண்டும்.

இரண்டாவது வழி, குறுஞ்சுட்டியை ஒட்டினால் அதன் முழு முகவரியைக் காட்டும் விரிப்புத் தளங்கள். அவை எல்லாப் படிகளையும் தாமே பின்தொடரும். சிக்கலும் அதில்தான். உங்களுக்கென்றே அனுப்பிய சுட்டி என்றால், அது திறக்கப்பட்டது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல் மாற்றும் சுட்டி வீணாகலாம். கைப்பேசிக்குப் போலிப் பக்கமும், விரிப்புத் தளத்துக்கு வெறும் பக்கமும் காட்டும் மோசடிகளும் உண்டு.

அதனால் கூட்டல் குறியையே முதலில் பயன்படுத்துங்கள். அது வேலை செய்யாத சேவைகளுக்கு மட்டும் விரிப்புத் தளம் போதும்.

முகவரி கிடைத்ததும் `https://`-க்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ளதைப் படியுங்கள். `gov.sg.refund.example/claim` என்பதில் உரிமையாளர் `refund.example`, அரசாங்கம் அல்ல. சந்தேகம் தீராவிட்டால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-ஐ அழைக்கலாம்.