ஆயிலா, பாலிமரா? பதினொரு ஷாப்ட் வெடித்த பிறகு நான் போட்ட கணக்கு

ராணிப்பேட்டை பக்கம் சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் பாதிக்கு மேல் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் டிரம், கியர்பாக்ஸ் சாமான்கள்தான். பழுக்கக் காய்ச்சிய சாமானை முக்கி ஆறவைத்துக் கடினம் ஏற்ற, பட்டறையில் ஆயில் டேங்க் ஒன்று, தண்ணீரில் பாலிமர் கலந்த டேங்க் ஒன்று, இரண்டும் தலா ஆயிரம் லிட்டர். இரண்டு வருஷம் பாலிமரை நம்பி ஓட்டிவிட்டு, சாவிக்கட்டை உட்காருகிற பள்ளமான கீவே வெட்டிய, இஎன் 19 என்கிற அலாய் ஸ்டீல் சாமான்களுக்கு மட்டும் மறுபடி ஆயிலுக்கே வந்துவிட்டேன். அது ஏன் என்பதுதான் இந்த அலசல். என் சாய்வு ஆயில் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்த வேலை இதுதான். 60 மி.மீ. விட்டம், 400 மி.மீ. நீளம், இஎன் 19, மொத்தம் 24 ஷாப்ட். ஒரு முனையில் 18 மி.மீ. அகலம், 7 மி.மீ. ஆழத்துக்குக் கீவே. கடினம் 40 முதல் 44 ராக்வெல் சி கேட்டிருந்தார்கள். அவ்வளவு கடினம் ஏற்றிய பிறகு கீவே வெட்ட அவர்களிடம் வசதி இல்லை, அதனால் வெட்டியே அனுப்பிவிட்டார்கள். 860 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்து, ஆறு ஆறாகப் பாலிமரில் இறக்கினோம். மறுநாள் வெடிப்பு பார்க்கிற சிவப்பு டை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தபோது 11 ஷாப்ட்டில் கீவேயின் அடி மூலையிலிருந்து நேர்கோடாக நீளவாக்கில் சிவப்பு கசிந்தது.

பார்ட்டி உடனே "ஸ்டீல் சரியில்லையோ?" என்றார். எனக்கும் அப்படி இருந்தால் சௌகரியம்தான். ஆனால் ஒன்றை பிரஸ்ஸில் வைத்து உடைத்துப் பார்த்தோம். பழைய வெடிப்பு, அதாவது ஃபோர்ஜிங்கிலோ ரோலிங்கிலோ வந்த மடிப்பு என்றால், ஃபர்னஸ் சூட்டில் உள்ளே கறுப்புச் செதில் பிடித்திருக்கும், ஓரத்தில் கார்பன் குறைந்து மெத்தென்று இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. கடினம் ஏற்றிய பிறகு விறைப்பைத் தணிக்க மறுபடி மிதமாகச் சூடாக்குகிற டெம்பரிங்கில் பிடித்த மெல்லிய நிறம் மட்டும் முகத்தில் தெரிந்தது. டெம்பரிங்குக்குப் போவதற்கு முன்பே, ஆனால் ஃபர்னஸிலிருந்து வந்த பிறகு வெடித்தது என்று அர்த்தம். தப்பு என் டேங்கில்.

வெடிப்பு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் ஒப்பீடு புரியும். பொதுவாக "ரொம்ப வேகமாக ஆறினால் வெடிக்கும்" என்பார்கள். அது பாதி உண்மை. 860-லிருந்து 500 டிகிரி வரை வேகம் வேண்டும், இல்லாவிட்டால் கடினமே ஏறாது. அந்தச் சூட்டில் இரும்பு இன்னும் இளகித்தான் இருக்கிறது, இழுத்தால் நீளும், அதனால் அங்கே வெடிப்பது அபூர்வம். இஎன் 19 சுமார் 330 டிகிரிக்குக் கீழே வரும்போதுதான் மார்டென்சைட் என்கிற கடினமான அமைப்பாக மாறத் தொடங்குகிறது. மாறும்போது கன அளவில் சுமார் 4 சதவீதம் ஊதுகிறது. மேல்தோல் முதலில் மாறி, கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். நடுப்பகுதி அப்போதும் சூடாக இருக்கும். அது பின்னால் மாறி ஊதும்போது, விறைத்த தோலை உள்ளிருந்து தள்ளும். தோலுக்கும் நடுவுக்கும் அந்த நேரத்தில் சூடு எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ, அவ்வளவு இழுவிசை தோலில் வரும். கீவேயின் கூரான மூலையில் அது குவிகிறது.

ஆக, மேலே வேகம், கீழே நிதானம். எந்தத் திரவம் 300 டிகிரி வாக்கில் நிதானமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி போதும்: கீவே உள்ள இஎன் 19-ஐத் தண்ணீரில் போடாதீர்கள்.

ஆயிலும் பாலிமரும் பிரிகிற இடம் கொதிநிலை. எந்தத் திரவத்தில் இறக்கினாலும் முதலில் ஆவிப் போர்வை மூடும், பிறகு அது கிழிந்து பயங்கரமாகக் கொதிக்கும், கடைசியில் கொதிப்பு அடங்கி மெதுவாக ஆறும். ஆயிலின் கொதிநிலை உயரம். அதனால் ஷாப்ட்டின் மேல்பரப்பு 400 டிகிரி வாக்கில் வரும்போதே கொதிப்பு முடிந்து, மெதுவான கட்டம் வந்துவிடுகிறது. மார்டென்சைட் மாற்றம் முழுக்க அந்த அமைதியில் நடக்கிறது. பாலிமர் டேங்கில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் 100-ல் கொதிக்கும். 300 டிகிரி இரும்புக்குப் பக்கத்தில் அது இன்னும் கொந்தளித்துக் கொண்டிருக்கும். அதை அடக்குவது பாலிமர் படலம் ஒன்றுதான். நாங்கள் போடுகிற பிஏஜி பாலிமர் சுமார் 75 டிகிரிக்கு மேல் தண்ணீரில் கரையாது. சூடான இரும்பைத் தொட்டதும் பிரிந்து வந்து பசை மாதிரி மூடிக்கொள்ளும், இரும்பு ஆறியதும் மறுபடி கரைந்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தப் படலம் எவ்வளவு தடிப்பாக வரும் என்பது பாலிமர் சதவீதம், டேங்க் சூடு, கலக்குகிற வேகம் மூன்றையும் பொறுத்தது. ஆயிலின் நிதானம் அதன் கொதிநிலையிலேயே இருக்கிறது. பாலிமரின் நிதானம் நம்முடைய பராமரிப்பில்தான் இருக்கிறது.

என்னைக் கவிழ்த்ததும் அந்தப் பராமரிப்புதான். சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. கரைசல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரைத் தினமும் காலையில் வைத்துப் பார்த்தோம். எங்கள் பாலிமருக்குப் பெருக்கல் எண் 2.5. மீட்டர் 5.6 காட்டினால் 14 சதவீதம். அந்த வாரமும் 14 தான் காட்டியது. பிறகு ஏன் வெடித்தது?

தண்ணீர். பாலாற்றங்கரை போர் தண்ணீரைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டீ போட்டால் தெரியும். என் போரில் லிட்டருக்கு சுமார் 2 கிராம் உப்பு. டேங்கிலிருந்து தினமும் ஆவியாகிறதை ஈடுகட்ட 20 லிட்டர் ஊற்றுவோம். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு 40 கிராம். 250 வேலை நாளில் 10 கிலோ. ஆயிரம் லிட்டர் டேங்கில் அது 1 சதவீதம். ரிஃப்ராக்டோமீட்டருக்கு உப்பு எது, பாலிமர் எது என்று தெரியாது. ஒரு சதவீத உப்பு ஏறக்குறைய ஒரு புள்ளி காட்டும். 2.5-ஆல் பெருக்கினால் 2.5 சதவீதப் பாலிமர் கூடுதலாக இருப்பது போலத் தெரியும். 14 என்று நம்பியது உண்மையில் பதினொன்றரை. சாமானோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் உப்பு வெளியே போயிருக்கும் என்றாலும், ஓட்டியது இரண்டு வருஷம். போதாக்குறைக்கு, உப்புத் தண்ணீர் ஆவிப் போர்வையைச் சீக்கிரம் கிழித்துவிடும். படலம் மெலிந்தது, தண்ணீரும் வெறி கொண்டது. மீட்டரில் மட்டும் எல்லாம் சரி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டேங்க் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து 85 டிகிரி வரை சூடாக்கினால் பாலிமர் பிரிந்துவிடும். பிரிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். சுத்தமாக இருந்தால் முள் கிட்டத்தட்ட சுழியில் நிற்கும். எனக்கு 1.3 காட்டியது. லேபில் பாகுநிலை பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். இதை மாதம் ஒருமுறை செய்திருந்தால் 11 ஷாப்ட் பிழைத்திருக்கும்.

ஆயிலுக்கும் பராமரிப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன் எதிரியும் தண்ணீர்தான். ஐப்பசி மழையில் கூரை ஓட்டை வழியாக டேங்கில் சொட்டு விழுந்தால், அடியில் தங்கி, சூடான சாமான் பட்டதும் பொங்கித் தீப்பிடிக்கலாம். அவ்வளவு சேராமல் கொஞ்சம் கலந்தாலே ஆயில் அந்த 300 டிகிரி நிதானத்தை இழக்கும். ஆனால் சோதனை சுலபம். எங்கள் ஃபர்னஸ் மேஸ்திரி கரண்டியில் நாலு சொட்டு எடுத்துச் சூடான தகட்டில் விடுவார். படபடவென்று வெடித்தால், "தண்ணி இருக்குதுண்ணா, இன்னிக்கு வேணாம்" என்பார். அவ்வளவுதான். ஆயில் பழசாகி மாறுவதும் மாதக் கணக்கில், மெதுவாக நடக்கிற விஷயம்.

டேங்க் சூட்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஷாப்ட் 9 கிலோ, ஆறு சேர்ந்தால் 54. அந்தச் சூடு ஆயிரம் லிட்டர் ஆயிலை சுமார் 15 டிகிரி ஏற்றும், பாலிமர் டேங்கை 6 அல்லது 7 டிகிரிதான். பார்த்தால் பாலிமர் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் ஆயிலை நான் 60-ல் வைத்துத்தான் ஓட்டுகிறேன், 75 ஆனாலும் அதன் வேகம் பெரிதாக மாறுவதில்லை. பாலிமரை 40-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் எங்கள் ஊரில் டேங்க் காலையிலேயே 34-ல் நிற்கும். இரண்டாவது லோடுக்கே சில்லர் கேட்கும். அது என்னிடம் இல்லை.

மீதி வேலைக்குப் புதிதாக வந்த 11 ஷாப்ட்டையும் ஆயிலில்தான் இறக்கினேன். கீவேயில் பயர் கிளே அடைத்து, செங்குத்தாகத் தொங்கவிட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் காத்திருக்காமல் டெம்பரிங் ஃபர்னஸுக்குள் தள்ளினோம். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் தானாக வெடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் வெடிக்கவில்லை. கடினம் 41 முதல் 43. வளைவு டயல் கேஜில் பெரும்பாலும் 0.3 மி.மீ.க்குள். பாலிமரில் போட்டபோது 0.7 வரை வந்தது. ஆனால் இந்தப் பெருமை முழுவதையும் ஆயிலுக்குக் கொடுக்க முடியாது. முன்பு படுக்க வைத்து இறக்கினோம், இப்போது தொங்கவிட்டோம். வளைவு குறைந்ததில் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயர் கிளேயும் அப்படித்தான்.

பாலிமரை ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை. இஎன் 8 என்கிற சாதாரண கார்பன் ஸ்டீலில் வருகிற 50 மி.மீ. பின்களை ஆயிலில் போட்டால் கடினம் ஏறாமல் கொழகொழவென்று நிற்கும், தண்ணீரில் போட்டால் பயம். அங்கே பாலிமர்தான் சரி. புகை இல்லை, தீ பயம் இல்லை, சாமானில் எண்ணெய் கழுவுகிற வேலை இல்லை. ஆர்ஓ தண்ணீரும் சில்லரும் வைத்திருப்பவர் இஎன் 19-க்கே கூட 20 சதவீதத்துக்கு மேல் கலந்து தைரியமாக ஓட்டலாம் என்று நினைக்கிறேன், ஆனால் நான் அப்படி ஓட்டிப் பார்த்ததில்லை. உருக்கிய உப்புக் குளியலில் 200 டிகிரி வாக்கில் நிறுத்தி, உள்ளும் வெளியும் சமமாக்கிப் பிறகு ஆறவிடுகிற முறை வளைவுக்கு இன்னும் நல்லது. அதை அடுத்தவர் பட்டறையில் நின்று பார்த்ததோடு சரி.

பழைய பாலிமர் தண்ணீரைக் கொட்டிவிட்டு டேங்கைக் கழுவி, இப்போது கேன் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். இஎன் 8 மட்டும் போகிறது. டேங்க் மேல் மேஸ்திரி சாக்பீஸில் "போர் தண்ணி ஊத்தாதே" என்று எழுதி வைத்திருக்கிறார். மழையில் அழிந்தால் மறுபடி எழுதிவிடுகிறார்.