அப்பா பெயரில் இருந்த கணக்குகளை முடித்த கதை: பாலக்கோடு பக்கம் ஒரு விடுமுறை

சிங்கப்பூரில் இருந்து அப்பாவின் காரியத்துக்குப் போனவன், அது முடிந்தபின் மீதி விடுமுறையை வங்கி, கருவூலம், தாலுகா அலுவலகம் என்றே கழித்தேன். எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம், பாலக்கோட்டை ஒட்டிய கிராமம். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 68, மாரடைப்பு. அம்மாவும் தம்பியும் ஊரில் இருக்கிறார்கள், அக்கா கனடாவில். இப்படிப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிற வீடுகளில், இறப்பை யாருக்கு முதலில் சொல்வது, யாருக்குக் கடைசியில் சொல்வது என்ற வரிசைதான் பாதி வேலை. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் இறப்புச் சான்றிதழ். வீட்டில் இறந்தால் கிராமத்தில் விஏஓதான் பதிவாளர். 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் மேலதிகாரி உத்தரவு வரை போகவேண்டும். பதிவாவதைவிடப் பெயர் எப்படிப் பதிவாகிறது என்பது முக்கியம். நம் பக்கம் ஒரே ஆள் பென்ஷன் புத்தகத்தில் முனுசாமி, வங்கியில் முனிசாமி, ஆதாரில் முன்னெழுத்து பின்னால் என்று மூன்று விதமாக இருப்பார். தம்பி பதிவுக்குப் போகும்போதே ஆதாரையும் பாஸ்புக்குகளையும் கையோடு எடுத்துப் போய், எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அப்படியும் பழைய வங்கிக் கணக்கு ஒன்றில் ஒரு எழுத்து மாறியிருந்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம். சான்றிதழ் இப்போது கியூஆர் குறியீட்டோடு இணையத்திலேயே இறங்குகிறது. எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். முத்திரை எங்கே என்று கேட்கிற கவுண்டரில், குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து காட்டினால் போதும்.

அடுத்து கருவூலம். பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான், மறுநாளில் இருந்து குடும்ப ஓய்வூதியம். தகவல் சொல்லாமல் விட்டால் முழுப் பென்ஷனும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், பிறகு திரும்பப் பிடிப்பார்கள். பணம் வருகிறதே என்று ஊரில் சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதத் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்லும்போது அந்த வீட்டில் பணம் இருக்காது. எங்கள் வீட்டில் பென்ஷன் ஆணையிலேயே அம்மாவின் பெயர் இருந்ததால் இந்த வேலை சீக்கிரம் முடிந்தது.

வங்கிக்குப் போகும் முன் ஒரு வேலை செய்தோம். எல்லா பாஸ்புக்கிலும் கடந்த ஒரு வருடப் பதிவை அச்சடித்து வாங்கி, வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அப்பா என்னென்ன ஒப்பந்தம் வைத்திருந்தார் என்பது அவருடைய பீரோவைவிட பாஸ்புக்கில் தெளிவாக இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை போன ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு போனால், வீட்டில் யாருக்குமே தெரியாத ஒரு ஆயுள் காப்பீடு கிடைத்தது. இன்னொரு வரியில் வெறும் 20 ரூபாய். அது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுப் பிரீமியம், 70 வயது வரைக்கும் பிடிப்பார்கள். மாரடைப்புக்கு அது கிடையாது. ஆனால் புளி உலுக்கும்போது மரத்தில் இருந்து விழுவதும் பாம்பு தீண்டுவதும் நம் ஊரில் நடக்கிற சாவுகள். அவற்றுக்கு 2 லட்சம் வரும். உடனே மருத்துவமனைக்குப் போன பதிவு மட்டும் கையில் இருக்கவேண்டும். இந்த 20 ரூபாய் வரியைப் பார்க்காமலே கணக்கை மூடிவிட்ட வீடுகள் எத்தனையோ.

அப்பாவுக்கு மூன்று வங்கிக் கணக்கு இருந்தது. மூன்றும் மூன்று விதம்.

ஒன்று அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்ற முறையில். இதில் முடக்கம் என்ற பேச்சே இல்லை. இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் அப்பாவின் பெயரை நீக்கிவிட்டு, அம்மாவின் கணக்காக ஓடவிட்டார்கள். வீட்டுச் செலவுக்கு முட்டு வராமல் இருந்தது இதனால்தான்.

இரண்டாவது தனிக் கணக்கும் ஒரு வைப்புத்தொகையும். அம்மா நாமினி. இங்கேதான் இழுத்தது. “வாரிசு சான்றிதழ் கொண்டு வாங்க சார், எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும்” என்றார் கவுண்டரில் இருந்தவர். நாமினி இருக்கிற கணக்குக்கு வாரிசு சான்றிதழ் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. இறப்புச் சான்றிதழ், உரிமை கோரும் படிவம், நாமினியின் அடையாளச் சான்று, அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் வந்த புதிய நெறிமுறையிலும் அதேதான். கூடவே ஒன்று: தாள்கள் எல்லாம் சரியாகக் கொடுத்த 15 நாளுக்குள் முடிக்கவேண்டும், வங்கியின் பக்கத்தில் தாமதமானால் வைப்புத்தொகைக்கு வட்டி சேர்த்துத் தரவேண்டும். சண்டை பிடிக்கவில்லை. வேண்டியதை எழுத்தில் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டோம். எழுத்தில் தரவேண்டும் என்றதும் அவரே ஒரு தடவை விதியைப் படித்துப் பார்த்தார். சான்றிதழ் கேட்பது நின்றது. தாள்களைக் கொடுத்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அந்த 15 நாள் அதில் இருந்துதான் ஓடும். இறப்பினால் வைப்புத்தொகையை முன்கூட்டியே முடித்தால் அபராதம் கிடையாது, அதையும் நாமே கேட்டுப் பார்க்கவேண்டும். இன்னொன்று, நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தானே தவிர முழு உரிமையாளர் என்று ஆகிவிடாது. வாரிசுகளின் பங்கு அப்படியேதான் இருக்கும். வீட்டில் சமாதானமாக இருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

மூன்றாவது பழைய கணக்கு, நாமினி இல்லை. சுமார் 1,80,000 ரூபாய். இதற்குத்தான் உண்மையிலேயே வாரிசுகள் எல்லோரும் வேண்டும். புதிய நெறிமுறைப்படி இப்படிப்பட்ட கணக்கில் 15 லட்சம் வரைக்கும் நீதிமன்றம் போகவேண்டியதில்லை. கூட்டுறவு வங்கியாக இருந்தால் 5 லட்சம் வரைக்கும். இழப்பீட்டு உறுதிப்பத்திரம், பணம் வாங்காத வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், வாரிசு சான்றிதழ், இவை போதும். எங்கள் வீட்டில் எல்லாப் பணமும் அம்மாவுக்கே என்று முடிவு செய்ததால், நானும் தம்பியும் அக்காவும் விட்டுக்கொடுத்துக் கடிதம் கொடுத்தால் வேலை முடியும் என்று நினைத்தோம்.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தபின் விஏஓ வீட்டுக்கு விசாரிக்க வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே “அவரோட அம்மா இருக்காங்களா?” என்பதுதான். இருக்கிறார்கள், எங்கள் பாட்டி, தொண்ணூறைத் தாண்டியவர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் இறந்தால் அவனுடைய அம்மாவும் முதல் வகை வாரிசு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே பங்கு. பலருக்கு இது தெரிவதில்லை. வாரிசுப் பட்டியலில் பாட்டியை விட்டுவிட்டு வாங்கினால், பின்னால் பட்டா மாற்றும்போது வம்பு வரும். ஆகவே வங்கியிலும் பாட்டி கையொப்பம் வேண்டும். எழுதத் தெரியாது, கைநாட்டு. வங்கி மாடியில் இருந்தது. ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு மேலே போய்ச் சொன்னேன். ஒரு அதிகாரி மை அட்டையோடு கீழே இறங்கி வந்து, சாட்சிகளை நிறுத்தி, பாட்டியின் பெருவிரலைப் பிடித்துப் பதிய வைத்துக்கொண்டு போனார். “எதுக்குப்பா?” என்று பாட்டி கேட்டதற்கு, “உங்க பையன் பணத்தை மருமகளுக்குக் குடுக்கறதுக்குங்க பாட்டி” என்று பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரி மனிதர்களையும் எழுதத்தானே வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சங்கதி. நான் ஊரில் இருந்ததால் வங்கிக் கிளையிலேயே நேரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அக்கா வரவில்லை. அவளுடைய கடிதத்தை இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அசலை அனுப்பச் சொன்னார்கள். அதற்கு முன்பதிவு, விடுமுறை, கூரியர் என்று அவள் பட்ட பாடு பெரிது. காரியத்துக்கு வந்த கையோடு, எங்கெங்கே உங்கள் கையெழுத்து தேவையோ அத்தனையையும் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். உங்கள் பெயர் இல்லாத வேலைகளை ஊரில் இருக்கிறவர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள். யாருக்காவது அதிகாரப் பத்திரம் தேவை என்று பட்டால் அதையும் ஊரிலேயே எழுதிவிடுவது நல்லது. வெளிநாட்டில் எழுதிக் கொண்டுவந்தால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும். பங்குப் பணம் உங்களுக்கே வருவதாக இருந்தால் அது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்ஆர்ஓ கணக்கில் ஏறவேண்டும், சாதாரண சேமிப்புக் கணக்கில் அல்ல.

அப்பாவின் ஏடிஎம் அட்டையும் அதன் ரகசிய எண்ணும் அம்மாவிடம் இருந்தது. எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். பாஸ்புக்கில் தேதி இருக்கிறதே, இறந்த நாளுக்குப் பிறகு எடுத்தது நாளைக்கு மற்ற வாரிசு ஒருவர் கேட்டால் பதில் சொல்லவேண்டிய பணம். அட்டையை வெட்டிப் படிவத்தோடு கொடுத்துவிட்டோம்.

மின் இணைப்பும் எரிவாயுவும் அவசரம் இல்லை. பில் கட்டிக்கொண்டிருந்தால் கரண்ட் ஓடும், வாரிசு சான்றிதழ் வந்தபின் பிரிவு அலுவலகத்தில் அம்மாவின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். எரிவாயு இணைப்பையும் அப்படியே. ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் இணையத்திலேயே ஆகிவிட்டது. வீட்டுத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, வைப்புத்தொகை திரும்ப வரும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம்.

அப்பாவின் செல்போன் எண்தான் கடைசி. வேண்டாத ரீசார்ஜ் எதற்கு என்று தம்பி முதல் வாரமே நிறுத்தப் பார்த்தான். எரிவாயு சிலிண்டர் வாங்கும்போது சொல்லவேண்டிய குறியீடு, வங்கி அறிவிப்பு, மின் கட்டணச் செய்தி, எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. பயன்படுத்தாமல் 90 நாள் விட்டால் ப்ரீபெய்டு எண் போய்விடும், பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அந்த முகம் தெரியாத ஆளுக்கு நம் வீட்டுச் செய்தி போகும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் அம்மாவின் எண்ணைப் பதிந்து, குறுஞ்செய்தி அங்கே வருகிறதா என்று பார்த்தபின்தான் விடவேண்டும்.

பான் அட்டையும் இன்னும் முடிக்கவில்லை. இறந்த நாள் வரைக்குமான வருமானத்துக்கு ஒரு வரி அறிக்கை பாக்கி இருக்கிறது. வைப்புத்தொகை வட்டியில் பிடித்த வரி திரும்ப வரவேண்டியிருக்கிறது. வருமான வரித் தளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிந்துகொண்டுதான் அதைத் தாக்கல் செய்யமுடியும். அந்தப் பதிவுக்கு அம்மாவின் பெயரையே கொடுத்திருக்கிறோம். தம்பி ஜூலைக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான், பணம் வந்தபின் பான் அட்டையை ஒப்படைக்கலாம்.