வைஃபை சேனல் அகலம்: 80 மெகாஹெர்ட்ஸா, 20-ஆ?

களியக்காவிளை சந்தைப் பக்கம் ஒரு கடை. முன்னால் கல்லாப்பெட்டி, இரண்டு சுவர் தள்ளிக் குடோன். கல்லாவில் 80-தான் சரி. ரவுட்டர் பக்கத்திலேயே இருப்பதால், ஒற்றை ஆன்டெனா வைஃபை 5 போனில்கூட 5 கிகாஹெர்ட்ஸில் லிங்க் வேகம் 433 மெகாபிட் வரை காட்டும். 20-இல் அதே போன் சுமார் 87-ஐத் தாண்டாது.

குடோனில் கதை மாறுகிறது. ரவுட்டரின் சக்தி கூடுவதில்லை. அதே சக்திதான் நான்கு மடங்கு அகலத்தில் பரவுகிறது. அகலம் இரட்டிக்கும்போதெல்லாம் உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபல் ஏறும். மிக மெதுவான வேகத்துக்கே 20-இல் மைனஸ் 82 டிபிஎம் சிக்னல் போதும் என்கிறது தரநிலை; 40-க்கு மைனஸ் 79, 80-க்கு மைனஸ் 76. போன் மைனஸ் 80 காட்டும் மூலையில் 20 தட்டுத்தடுமாறியாவது ஓடும், 80 அறுந்து அறுந்து வரும். (நல்ல போன்கள் இதைவிடக் கொஞ்சம் தாங்கும், வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கும்.)

அடுத்த கடைக்காரர்தான் பெரிய தலைவலி. 80 என்றால் 36, 40, 44, 48 நான்கு சேனலும் வேண்டும். அவர் 44-இல் பேசும்போது நம் ரவுட்டர் பாதி அகலத்துக்குச் சுருங்கும், இல்லையென்றால் காத்திருக்கும். லிங்க் வேகம் உயர்ந்தே நிற்க, ஸ்பீட் டெஸ்ட் மட்டும் மாலை நேரத்தில் விழுந்தால் காரணம் பெரும்பாலும் இந்த நெரிசல். அங்கே 40 வைப்பேன்.

2.4 கிகாஹெர்ட்ஸில் யோசனையே வேண்டாம்: 20, சேனல் 1, 6 அல்லது 11.