தாதுத் தூள் ஏற்றுமுன்: கேன் சோதனையா, ஆய்வகச் சான்றிதழா?

இரும்புத்தாது, நிக்கல் தாது போன்றவற்றின் ஈரத் தூளை ஏற்றலாமா என்று முடிவெடுக்க கேப்டனிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கப்பலிலேயே செய்யும் கேன் சோதனை. மற்றொன்று, சரக்கு அனுப்புபவர் தரும் ஆய்வகச் சான்றிதழ். நான் ஆய்வகத்தின் பக்கம்தான் சாய்வேன், ஆனால் மாதிரி எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்பது தெரிந்தால் மட்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? தூளின் மணிகள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் குவியல் சரியாமல் நிற்கிறது. என்ஜின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் அது மெல்ல அமுங்கும், மணிகளுக்கு இடையிலான இடைவெளி சுருங்கும். அங்கே போதிய காற்று இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நீர் நிரம்பிவிட்டாலோ, நுண்ணிய தூளிலிருந்து அது வேகமாக வடியாது. நீரின் அழுத்தம் ஏறி மணிகளை விலக்கிவிடும், உராய்வு போய்விடும், சரக்கு சேறாக ஓடும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது ஓடிய சரக்கு, மறுபக்கம் சாயும்போது முழுதாகத் திரும்பி வராது. இப்படி ஒவ்வொரு ஆட்டத்திலும் சாய்வு கூடிக்கொண்டே போய்க் கப்பல் கவிழும்.

கேன் சோதனை எளிது. அரை முதல் ஒரு லிட்டர் கொள்ளும் உருளை டப்பாவில் பாதியளவு மாதிரியைப் போட்டு, சுமார் 20 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான மேசைமேல் பட்டென்று இறக்க வேண்டும். ஓரிரு நொடி இடைவெளியில் 25 முறை. பிறகு மேற்பரப்பில் நீர் மினுங்குகிறதா, தூள் குழம்பாக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால், மறுபடி ஆய்வகச் சோதனை நடக்காமல் ஏற்றக்கூடாது. மேற்பரப்பு உலர்ந்தே இருந்தால்? அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஈரம் எல்லையைத் தாண்டியே இருக்கலாம். சரக்கை மறுக்க இது உதவும், ஏற்க உதவாது.

ஆய்வகம் தருவது இரண்டு எண்கள். எந்த ஈரத்தில் சரக்கு பாயத் தொடங்குகிறது என்று, மாதிரியைத் திரும்பத் திரும்பத் தட்டி இறக்கும் பாய்வு மேசையில் பார்த்து, அதில் 90 சதவீதத்தைக் கப்பலில் ஏற்றத்தக்க ஈர எல்லையாக வைப்பார்கள். இன்னொன்று சரக்கின் இப்போதைய ஈரம். இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சர்வதேச மொத்தச் சரக்கு விதித்தொகுப்பின்படி, எல்லைக்கான சோதனை ஏற்றுவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள்ளும், ஈரச் சோதனை ஏழு நாளுக்குள்ளும் நடந்திருக்க வேண்டும். இடையில் கனமழை பெய்தால் ஈரத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

எல்லாம் மாதிரியில்தான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பாய்வு ஈரம் 10%, எனவே எல்லை 9%. திறந்த வெளியில் 40,000 டன் குவியல். 1,000 கிராம் மாதிரி, 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்ந்ததும் 920 கிராம் ஆனது: ஈரம் 8%. சான்றிதழ் சுத்தம். அதன்பின் மழை பெய்கிறது. நீர் கீழே இறங்கி, அடிப்பகுதியிலுள்ள 10,000 டன் 11 சதவீதத்துக்குப் போகிறது, மேலேயுள்ள 30,000 டன் 8 சதவீதத்திலேயே நிற்கிறது. மறுபடி சோதித்தாலும் சராசரி 8.75% தான் வரும், எல்லைக்குள்! ஆனால் அந்த 10,000 டன்னும் கப்பலின் சரக்கறைகளான ஹோல்டுகளில் ஓரிரண்டில் சேர்ந்து விழுந்தால் கப்பலைச் சாய்க்க அதுவே போதும். ஆகவே சராசரியை ஏற்காதீர்கள், ஒவ்வொரு ஹோல்டுக்கும் தனி ஈர எண் கேளுங்கள். வெயில் பட்டு உலர்ந்த மேல்தோலில் மாதிரி எடுக்கவிடாமல், உள்ளே தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். தாதுச் செறிவுகளுக்கு விதித்தொகுப்பு தரும் அளவுகோல்படி இந்த அளவு குவியலில் 250 டன்னுக்கு ஒன்று வீதம் 160 துணை மாதிரிகள், ஒவ்வொன்றும் 200 கிராம். எடுத்த உடனே காற்றுப்புகாத டப்பாவில் மூட வேண்டும்.

ஏற்றும்போது கண்ணும் வேலை செய்யட்டும். கிரேனின் அள்ளு வாளியான கிராப் கொட்டும்போது தூள் தெறித்து ஹோல்டின் சுவரில் அப்பிக்கொண்டால், அல்லது கூம்பாக நிற்காமல் தட்டையாகப் பரவினால், சான்றிதழ் என்ன சொன்னாலும் நிறுத்திவிடுங்கள்.

இந்த ஒப்பீடு எல்லாத் தாதுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. களிமண் கலந்த நிக்கல் தாதுவில் கட்டிகளும் குழம்பும் சேர்ந்திருக்கும், ஒரு பிடி மாதிரி பெரிய குவியலுக்குப் பதில் சொல்லாது. பாக்சைட்டில் நடப்பது வேறு: நீரும் நுண்தூளும் பிரிந்து மேலே வந்து, தளும்பும் குழம்பாக நிற்கும். மலேசியாவின் குவாந்தான் துறைமுகத்தில் 46,400 டன் பாக்சைட் ஏற்றிய ‘பல்க் ஜூபிடர்’ கப்பல் 2015 ஜனவரி 2 அன்று வியட்நாம் கரைக்கு அப்பால் மூழ்கியது. 19 பேரில் 18 பேர் இறந்தார்கள். அந்தச் சரக்கின் சராசரி ஈரம் 21.3% என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அப்போதைய விதித்தொகுப்பில் பாக்சைட்டுக்கு இருந்த உச்சம் 10%.

குவியலைப் பார்க்கவோ கப்பல் தரப்பு சர்வேயர் மாதிரி எடுக்கவோ சரக்கு அனுப்புபவர் அனுமதிக்காவிட்டால், ஏற்றத் தொடங்காமல் இருப்பதே சரி. ஹோல்டுக்குள் விழுந்துவிட்ட ஈரச் சரக்கைத் திரும்ப இறக்க, கிராப், இடம், துறைமுக அனுமதி எல்லாம் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.